'வேண்டும்' என்பதும் 'வரலாம்' என்பதும்

நுழையும்முன்

*பள்ளிச் சுவரில் ஒட்டப்படும் அறிவிப்புத்தாள் ஓர் அழைப்பிதழ். ஆனால் பல அழைப்பிதழ்கள் அறிவுரைகளாகவே எழுதப்படுகின்றன. தன்னார்வலரைத் தேடும் அறிவிப்பு ஒன்று மூன்று முறை எழுதப்பட்டதையும், ஒவ்வொரு முறையும் மொழியில் நிகழ்ந்த மாற்றத்தையும் இப்பாடம் விளக்குகிறது.*

கடற்கரையில் ஒரு பணி

ஆண்டுதோறும் தை முதல் பங்குனி வரையிலான மாதங்களில், மீனவர் வழக்கில் பங்குனி ஆமை என்று சொல்லப்படும் கடலாமைகள் தமிழகக் கடற்கரைகளில் முட்டையிட வருகின்றன. பெண் ஆமை இரவில் கரையேறி, மணலில் ஏறத்தாழ ஒன்றரை அடி ஆழத்திற்குப் பானை வடிவில் குழி தோண்டும். அதில் நூறு முட்டைகள் வரை, சில வேளைகளில் அதற்கு மேலும் இடும். பின்னர்க் குழியை மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். குஞ்சு பொரிய ஏழு வாரங்கள் அளவில் ஆகும். அதுவரை அம்முட்டைகளுக்குக் காவல் இல்லை. தெருநாய்கள் மோப்பம் பிடித்துக் குழியைத் தோண்டிவிடும். பொரிந்து வெளிவரும் குஞ்சுகளோ கரையோர விளக்குகளைக் கண்டு, கடலுக்குச் செல்வதற்குப் பதிலாக ஊரை நோக்கி நகர்ந்து மடிந்துவிடும்.

இதனால் முட்டைகளைத் தேடி எடுத்து, வேலியிட்ட பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் புதைத்துப் பாதுகாக்கும் பணி நடைபெறுகிறது. சென்னைக் கடற்கரையில் 1970களிலேயே இயற்கை ஆர்வலர்கள் ஆமைகளைத் தேடி இரவில் நடக்கத் தொடங்கினர். அப்பணியை மாணவர்கள் தமதாக்கிக்கொண்டதன் விளைவாக, 1980களின் இறுதியில் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழு உருவாயிற்று. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கடலாமைகளுக்குப் பாதுகாப்பு அளிப்பதால், முட்டைகளைக் கையாள வனத்துறையின் இசைவு தேவை.

கடலோர ஊர் ஒன்றின் மேல்நிலைப் பள்ளியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அப்பள்ளியின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர் நால்வர், வனத்துறையின் இசைவோடு வார இறுதியில் அதிகாலையில் கடற்கரையில் நடந்துவந்தனர். நான்கு கிலோமீட்டர் நீளமுள்ள கரைக்கு நால்வர் போதவில்லை. ஒரு சனிக்கிழமை, அவர்கள் கரையின் தென்முனையை அடைந்தபோது குழி தோண்டப்பட்டிருந்தது. சுற்றிலும் முட்டை ஓடுகளும் நாயின் கால்தடங்களும் கிடந்தன. அரைமணி நேரம் முன்னதாக அவ்விடத்தை அடைந்திருந்தால் அம்முட்டைகளைக் காத்திருக்கலாம். அதற்கு இன்னொரு குழு தேவைப்பட்டது. தன்னார்வலரைச் சேர்க்க ஓர் அறிவிப்புத்தாள் எழுதுவதென முடிவாயிற்று.

முதல் அறிவிப்பு

> மாணவர்களே!
> கடல்வாழ் உயிரினங்களைப் பாதுகாப்பது ஒவ்வொரு மாணவரின் தலையாய கடமை!
> இன்றைய இளைஞர்கள் கைப்பேசியில் பொழுதை வீணாக்காமல் சமூக அக்கறையுடன் செயல்பட வேண்டும்.
> அழிந்துவரும் ஆமை இனத்தைக் காத்திட உறுதி ஏற்போம்!
> அலைகடலெனத் திரண்டு வாரீர்!
> தொடர்புக்கு: திட்ட அலுவலர்

பத்து நாள்கள் இத்தாள் சுவரில் இருந்தது. மூவர் பெயர் கொடுத்தனர். மூவரும் வகுப்பாசிரியர் சொன்னதால் கொடுத்தவர்கள். அறிவிப்பை எழுதிய மாணவியிடம் தமிழாசிரியை கண்டித்து எதுவும் கூறவில்லை. ஒரே ஒரு வினாவைக் கேட்டார்: "இதைப் படித்த ஒருவன் சனிக்கிழமை எத்தனை மணிக்கு எங்கே வந்து நிற்க வேண்டும்?"

மாணவி மீண்டும் படித்துப் பார்த்தாள். அறிவிப்பில் நாளும் இல்லை, நேரமும் இல்லை, இடமும் இல்லை. என்ன செய்ய வேண்டும் என்பதும் இல்லை. 'பாதுகாப்பது' என்ற ஒரு சொல்லே இருந்தது. பாதுகாப்பது என்றால் நடப்பதா, பணம் தருவதா, பேரணியில் பதாகை ஏந்துவதா என்பதைப் படிப்பவரே ஊகிக்க வேண்டியிருந்தது. 

ஆசிரியை பின்னர் ஓர் எளிய சோதனையைக் காட்டினார். அறிவிப்பில் 'ஆமை' என்னும் சொல்லை எடுத்துவிட்டு 'மரம்' என்றோ 'ஏரி' என்றோ இட்டுப் படிக்கச் சொன்னார். ஏறத்தாழ எல்லாத் தொடர்களும் அப்படியே பொருந்தின. வேறொரு பணிக்கும் பொருந்தும் தொடர், இந்தப் பணியைப் பற்றி எதையும் சொல்லவில்லை. அத்தகைய தொடர்களை நீக்கியபின் அத்தாளில் எஞ்சியது 'திட்ட அலுவலர்' என்பது மட்டுமே.

அறிவுரையின் இலக்கணம்

ஓர் எழுத்து அறிவுரையாக ஒலிப்பதற்கு எழுதியவரின் மனநிலை மட்டும் காரணமன்று. அத்தொனி சொற்களின் வடிவிலேயே தங்கியிருக்கிறது. முதல் அறிவிப்பில் அதை மூன்று இடங்களில் காணலாம்.

முதலாவது, 'வேண்டும்' என்னும் துணைவினை. 'செயல்பட வேண்டும்' என்று கூறும்போது முடிவு முன்னரே எடுக்கப்பட்டுவிடுகிறது. கேட்பவருக்கு எஞ்சுவது இணங்குவது அல்லது மறுப்பது. 'கடமை' என்னும் பெயர்ச்சொல்லும் இதே வேலையைச் செய்கிறது. மாறாக, 'வரலாம்' என்னும் வினைமுற்றில் உள்ள 'அலாம்' விகுதி இசைவையும் வாய்ப்பையும் உணர்த்துகிறது. 'வரலாம்' என்ற சொல்லுக்குள் 'வராமலும் இருக்கலாம்' என்பதும் அடங்கியுள்ளது. தன்னார்வம் என்பது தானே விரும்பி முன்வருவது. எனவே தேர்ந்தெடுக்கும் உரிமையைத் தராத மொழியில் தன்னார்வலரை அழைப்பது தன்னுள்ளேயே முரண்படுகிறது.

இரண்டாவது, 'இன்றைய இளைஞர்கள்' என்னும் தொடர். அறிவிப்பைப் படிப்பவரே இளைஞர். ஆயினும் அவரை முன்னிலையில் வைத்துப் பேசாமல், படர்க்கையில் நிறுத்தி வேறு யாரிடமோ அவரைப் பற்றிக் குறைகூறுவதாக அத்தொடர் அமைந்துள்ளது. அந்தத் தாளில் இடம்பெறும் ஒரே மனிதச் சித்திரம், கைப்பேசியில் பொழுதை வீணாக்கும் ஒருவர். அந்தச் சித்திரத்தில் தன்னைக் கண்டு வருந்தி யாரும் கடற்கரைக்கு வரமாட்டார். அது தன்னைக் குறிப்பதன்று என்று எண்ணிக் கடந்து செல்வார்.

மூன்றாவது, 'உறுதி ஏற்போம்' என்பதில் மறைந்து நிற்கும் 'நாம்'. தமிழில் தன்மைப் பன்மைக்கு இரு பெயர்கள் உள்ளன. 'நாம்' கேட்பவரையும் உள்ளடக்கும். அதனை உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்பர். 'நாங்கள்' கேட்பவரை விலக்கும். இவ்வேறுபாடு பெயரில்தான் உண்டு. 'ஏற்போம்' என்னும் வினைமுற்று இரண்டிற்கும் பொதுவாக வரும். மாணவர்களை விளித்துத் தொடங்கும் அறிவிப்பில் 'ஏற்போம்' என்றால், படிப்பவர் அதை 'நாம்' என்றே கொள்வார். அன்பான சொல்லாகத் தோன்றினும், அது படிப்பவரைக் கேளாமலேயே அவர் சார்பில் உறுதியளித்துவிடுகிறது. 

இங்கு ஓர் எதிர்பாராத உண்மை உண்டு. அழைப்பிற்கு 'நாம்' என்பதைவிட 'நாங்கள்' ஏற்றதாக அமையக்கூடும். 'நாங்கள் நடக்கிறோம். நீங்களும் வரலாம்' என்னும் இரு தொடர்களில், முதல் தொடர் பணி முன்னரே நடந்துகொண்டிருப்பதைக் காட்டுகிறது. அதைச் செய்பவர்கள் இருக்கிறார்கள் என்பதும் அதில் தெரிகிறது. இரண்டாம் தொடர் கதவைத் திறந்து வைக்கிறது. உள்ளே வந்தபின் அவர்கள் அனைவரும் தாமாகவே 'நாம்' ஆகிவிடுவர்.

இரண்டாம் அறிவிப்பும் அதன் பிழையும்

குறையை உணர்ந்த மாணவர் குழு, அறிவுரையை முற்றிலும் நீக்கி மற்றொன்றை எழுதியது.

> செம ஜாலி நைட் வாக்!
> ஹாய் நண்பா! வீக்எண்டு போரடிக்குதா?
> பீச்சுக்கு வா, ஆமையோட செல்ஃபி எடு, கெத்து காட்டு!
> மிஸ் பண்ணாதே!

வகுப்பில் இதைக் கேட்டவர்கள் சிரித்தனர். அறிவிப்பு எண்ணிய சிரிப்பு அன்று அது. "எங்களைப் போலப் பேச யாரோ முயல்கிறார்கள் என்று தெரிகிறது, அம்மா" என்றான் ஒரு மாணவன். எழுதியவர்களும் அவன் வயதினரே. ஆயினும் அறிவிப்பு என்றவுடன், பெரியவர்கள் கற்பனை செய்யும் இளைஞனின் குரலை அவர்கள் தம்மையறியாமல் எடுத்துக்கொண்டனர்.

பேச்சுவழக்கைப் பயன்படுத்தியது பிழையன்று. பேச்சுவழக்கு இயல்பாக அமையும் இடங்கள் உண்டு. ஆனால் இளைஞர் வழக்குச் சொற்கள் மிக விரைவாகப் பழையனவாகிவிடுகின்றன. ஒரு சொல் அறிவிப்புத்தாளில் ஏறும்போதே, அதைப் பேசுவோர் அடுத்த சொல்லுக்குச் சென்றிருப்பர். மேலும், மரியாதையின்றி 'வா, எடு, காட்டு' என ஒருமை ஏவலில் பேசுவது நெருக்கத்தைத் தானே உண்டாக்காது. நண்பன் கூறினால் நெருக்கமாக ஒலிப்பது, அறிமுகமற்ற சுவர் கூறும்போது அதட்டலாகவே ஒலிக்கும். முதல் அறிவிப்பின் 'வாரீர்' ஏவலாக இருந்தது. இதன் 'வா'வும் ஏவலே. ஆடை மாறியதேயன்றி ஆணை மாறவில்லை.

இதைவிடப் பெரிய குறை பொருளில் இருந்தது. முட்டையிட வரும் ஆமை வெளிச்சத்தைக் கண்டால் முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடக்கூடும். ஆகவே ஆமை நடையில் கைப்பேசி ஒளிக்கும் ஒளிப்படத்திற்கும் இடமில்லை. அறிவிப்பு எதைத் தருவதாகக் கூறியதோ, அது பணியில் தடைசெய்யப்பட்ட ஒன்று. பல நாள்களில் ஆமையையே காண முடிவதில்லை என்பதும் அதில் கூறப்படவில்லை. கேளிக்கை என நம்பி வரும் ஒருவர், இருளில் மணலில் இரண்டு மணி நேரம் நடந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினால், ஏமாற்றப்பட்டதாக எண்ணுவார். அடுத்த வாரம் அவர் வரமாட்டார். தம் நண்பர்களையும் வரவிடமாட்டார். இந்த அறிவிப்பு ஒட்டப்படாமலேயே மடித்து வைக்கப்பட்டது.

கேட்டு எழுதுதல்

மூன்றாம் முறை எழுதும்முன், குழுவினர் எழுதுகோலை எடுக்கவில்லை. ஒவ்வொருவரும் வகுப்புத் தோழர் இருவரிடம், "அதிகாலையில் ஆமை முட்டை தேடிப் போகிறோம். வருவதற்கு உனக்கு என்ன தடை?" என்று கேட்டுவந்தனர். கிடைத்த விடைகள் எளியவை. 'ஏழு மணிக்குத் தனிப்பயிற்சி வகுப்பு இருக்கிறது.' 'வீட்டில் விடமாட்டார்கள். கூட யார் வருவார்கள்?' 'எனக்கு ஆமையைப் பற்றி ஒன்றும் தெரியாது.' 'நீச்சல் தெரியாது.' 'ஒருமுறை வந்தால் வாராவாரம் வரச் சொல்வார்களே?'

இவற்றுள் ஒன்றுகூட அக்கறையின்மை அன்று. முதல் அறிவிப்பு, மாணவர்களிடம் அக்கறை இல்லை என்று எண்ணி அதை ஊட்ட முயன்றது. இரண்டாம் அறிவிப்பு, அவர்களிடம் சலிப்பு இருக்கிறது என்று எண்ணி அதைப் போக்க முயன்றது. உண்மையில் அவர்களிடம் இருந்தவை ஐயங்கள். ஐயங்களுக்குத் தேவைப்படுவது விடை.

அடுத்ததாக, முன்னரே நடந்துவந்த நால்வரிடமும் "நீங்கள் ஏன் மீண்டும் மீண்டும் போகிறீர்கள்?" என்று ஆசிரியை கேட்டார். ஒருவரும் 'கடமை' என்று கூறவில்லை. மணலில் ஏறத்தாழ இரண்டரை அடி அகலத்தில் கிடக்கும் ஆமைத்தடத்தை முதன்முதலில் கண்டதைப் பற்றி ஒருத்தி கூறினாள். கடலிலிருந்து ஏறும் தடம், திரும்பும் தடம், இடையே கலைந்த மணல். அந்த இடத்தில் கைவைக்கும்போது மணல் இளகியிருப்பதை உணர்ந்ததாகச் சொன்னாள். அவள் கூறியதைச் சொல்மாறாமல் குறித்துக்கொண்டனர்.

மூன்றாம் அறிவிப்பு

> விடியுமுன் ஒரு நடை
> பங்குனி ஆமைகள் இப்போது நம் ஊர்க் கடற்கரையில் முட்டையிடுகின்றன. நாய்கள் தோண்டுவதற்கு முன்னால் அந்தக் குழிகளைக் கண்டுபிடிக்க நாங்கள் நடக்கிறோம்.
> நீங்களும் வரலாம்.
> சனிக்கிழமை, அதிகாலை 4 முதல் 6 வரை. பள்ளி வாயிலில் கூடல். நடை 4 கி.மீ.
> மணலில் தடம் தேடலாம். முட்டைகளை எண்ணலாம். குறிப்பேட்டில் பதியலாம். ஆமையைக் காணாத நாள்களும் உண்டு.
> ஆமையைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டாம். நீச்சல் வேண்டாம். ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் பிறகு முடிவு செய்யலாம்.
> ஆசிரியர் இருவரும் வனத்துறைப் பணியாளர் ஒருவரும் உடன் வருவர். பெற்றோரின் இசைவுக் கடிதம் கட்டாயம் தேவை. கடலில் இறங்கக் கூடாது. கைப்பேசி விளக்குக் கூடாது.
> பெயர் தர: உணவு இடைவேளையில் நூலக வாயிலில் எங்களைக் காணலாம்.

இவ்வறிவிப்பில் 'கடமை', 'அக்கறை', 'உறுதி' ஆகிய சொற்கள் இல்லை. ஆயினும் பணியின் தேவை முன்பைவிடத் தெளிவாகத் தெரிகிறது. 'நாய்கள் தோண்டுவதற்கு முன்னால்' என்னும் தொடர் அதைச் செய்கிறது. 'அழிந்துவரும் இனம்' என்பது தொலைவிலுள்ள துயரம். நாய்க்கும் நடப்பவருக்கும் இடையிலான போட்டியோ இந்தச் சனிக்கிழமை நிகழ்வது. அதில் ஒருவரின் வருகை என்ன மாற்றத்தை உண்டாக்கும் என்பது கண்முன் நிற்கிறது. 

'வேண்டும்' நீங்கி 'வேண்டாம்' வந்திருப்பதையும் நோக்கலாம். முன்னது சுமையை ஏற்றியது. பின்னது ஐயங்களை ஒவ்வொன்றாக இறக்கிவைக்கிறது. 'ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் பிறகு முடிவு செய்யலாம்' என்பது வெளியேறும் வழியையும் காட்டுகிறது. திரும்பிச் செல்ல வழியுண்டு என்று தெரிந்தால் உள்ளே வரத் தயக்கம் குறையும். தொடர்புக்கு அலுவலரின் பதவிப்பெயர் இருந்த இடத்தில், சக மாணவர் நிற்கும் ஓர் இடம் குறிக்கப்பட்டுள்ளது. ஐயம் கேட்க அலுவலக அறைக்குச் செல்வதைவிட நூலக வாயிலுக்குச் செல்வது எளிது.

'ஆமையைக் காணாத நாள்களும் உண்டு' என்னும் தொடரை நீக்கிவிடலாம் என்று குழுவில் இருவர் கருதினர். அது வருவோரைக் குறைக்கும் என்பது அவர்களது அச்சம். அச்சம் நியாயமானதே. சிலர் அதனால் வராமல் போகலாம். ஆனால் அத்தொடரைப் படித்தபின் வருபவர், வெறுங்கையோடு திரும்பும் முதல் நாளில் மனம் உடையமாட்டார். அழைப்பில் கூறப்பட்டதே நடந்தது என்று அறிவார். ஆகவே அத்தொடர் நீக்கப்படவில்லை.

கட்டளைக்கு உரிய இடம்

எல்லாத் தொடர்களையும் 'லாம்' என்று முடிப்பதே நல்ல அழைப்பு எனக் கொள்ளுதல் தவறு. மூன்றாம் அறிவிப்பில் 'கட்டாயம் தேவை', 'கூடாது' ஆகியவை தெளிவாக நிற்கின்றன. பெற்றோரின் இசைவையும் கடலில் இறங்காமையையும் 'இயன்றால்', 'தயவுசெய்து' என்று மென்மையாக்கினால், அவை விருப்பத்திற்குரியவை என்ற தவறான பொருள் தோன்றும். வருவதா வேண்டாமா என்பது மாணவரின் விருப்பம். வந்தபின் பாதுகாப்பு விதி விருப்பத்திற்குரியதன்று. எது விருப்பம், எது விதி என்று பிரித்தறிந்து, ஒவ்வொன்றிற்கும் உரிய வினைவடிவைத் தருவதே இங்குள்ள மொழித்திறன். முதல் அறிவிப்பு விருப்பத்திற்குரியதை விதியாகக் கூறியது. விதியாக வேண்டியதைக் கூறவே இல்லை.

அறிவிப்புத்தாளின் ஆற்றலுக்கு எல்லையும் உண்டு. அது ஒருவரை ஒருமுறை வரவழைக்கும். இரண்டாம் முறை வரவழைப்பது பணியும் உடன் நடப்பவர்களும்தாம்.

மூன்றாம் அறிவிப்பைக் கண்டு வந்த ஒன்பது பேருக்கு முதல் சனிக்கிழமை எதுவும் கிடைக்கவில்லை. அடுத்த வாரம் அவர்களுள் ஆறு பேர் வந்தனர். இப்போது பத்துப் பேர் இருந்ததால், குழு இரண்டாகப் பிரிந்து கரையின் இருமுனைகளிலிருந்தும் நடந்தது. தென்முனையிலிருந்து புறப்பட்டவர்கள் சிறிது தொலைவிலேயே தடத்தைக் கண்டனர். குழி கலையாமல் இருந்தது. ஒரு நாய் எட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தது. வனத்துறைப் பணியாளர் மணலை விலக்கி, முட்டைகளைப் புரட்டாமல் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, புதிதாக வந்த மாணவன் ஒருவன் வாய்விட்டு எண்ணினான். நூற்றுப் பன்னிரண்டு என்று குறிப்பேட்டில் பதியப்பட்டது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளி அறிவிப்புப் பலகையிலுள்ள ஓர் அழைப்பைப் படியெடுத்து, அதன் மையச்சொல்லை வேறொரு பணியின் பெயரால் மாற்றிப் படிக்க. மாற்றியபின்னும் பொருந்தும் தொடர்களை அடிக்கோடிடுக.
2. 'நாம்', 'நாங்கள்' ஆகியவற்றின் பொருள் வேறுபாட்டை, அறிவிப்புகளில் இடம்பெறும் தொடர்களைக் கொண்டு விளக்குக.
3. பின்வரும் தொடர்களுள் விருப்பத்தைக் குறிப்பன எவை, விதியைக் குறிக்க வேண்டியன எவை எனப் பிரித்து, உரிய வினைவடிவில் மாற்றி எழுதுக: 'நூலகப் பணிக்கு அனைவரும் வர வேண்டும்.' 'மின்பொத்தானைத் தொடாமல் இருக்கலாம்.' 'பழைய நூல்களை அளிப்பது மாணவரின் கடமை.'
4. தொடக்கப்பள்ளிக் குழந்தைகளுக்கு மாலையில் கதை வாசித்துக்காட்டத் தன்னார்வலர் தேவை எனக் கொள்க. தோழர் மூவரிடம் அவர்களுக்குள்ள தடைகளைக் கேட்டறிந்து, அவற்றிற்கு விடைகூறும் அறிவிப்பு ஒன்றை எழுதுக.